நோட்ஸ் ஆஃப் லெசனை டேபிளா மாத்துறப்ப நிமிஷத்துல இருந்து ஆரம்பிங்க

பி.எட். ட்ரெயினிங்குக்கு காரைக்குடி பக்கம் ஸ்கூல்களுக்கு வர்ற பிள்ளைங்க எழுதுற பாடக்குறிப்பு நிறைய பாக்குறேன். பத்தி பத்தியா அழகா எழுதிருப்பாங்க. டேபிளா மாத்திட்டு வாங்கன்னா அதே வாக்கியங்கள வெட்டி நோக்கம், செயல்பாடு, நிமிஷம்னு மூணு கட்டத்துல ஒட்டிட்டு வந்துருவாங்க. அது டேபிள் இல்ல, கோடு போட்ட பத்தி, அவ்வளவுதான்.

ஆறாங் கிளாஸ் பரப்பளவு பாடத்த வச்சே சொல்றேன். குறிப்புல இப்படி இருந்துச்சு: "ஆசிரியர் ஆத்தங்குடி ஓடு பதித்த தரையை உதாரணம் காட்டிப் பரப்பளவை விளக்குவார். மாணவர்கள் குழுக்களாக அட்டைகளை அடுக்கிப் பரப்பளவு காண்பர். சூத்திரம் வருவித்துக் கணக்குகள் செய்வர். சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவர். மதிப்பீடு நடைபெறும்." படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல நோக்கம் எதுன்னு தேடுங்க பாப்போம். விளக்குவார், அடுக்குவர், செய்வர் எல்லாமே கிளாஸ்ல நடக்குற வேலை. நோக்கம் மாதிரி இருக்குறது 'அறிவர்'ங்கற ஒண்ணுதான், அதையும் கண்ணால பாத்து சரின்னு சொல்ல முடியாது. அதனால முதல்ல வினைச்சொல்லுக்கு எல்லாம் அடிக்கோடு போடச் சொல்லுவேன். பாடம் முடிஞ்சு பிள்ளை தனியா செஞ்சு காட்டுறது எதுவோ அது மட்டும்தான் நோக்கக் கட்டத்துக்குப் போகணும். இந்தப் பாடத்துல அப்படி மூணு வந்துச்சு. செவ்வகத்த ஒரே அளவு சதுரங்களால நிரப்பி எண்ணிச் சொல்றது, ஏன் நீளத்த அகலத்தால பெருக்குறோம்னு வரிசையக் காட்டிச் சொல்றது, ஒரு கேள்விய பாத்து இது சுற்றளவா பரப்பளவான்னு பிரிக்கிறது.

அடுத்தது நிமிஷம், உண்மை வெளிய வர்றது இங்கதான். "குழுக்களாக"ன்னு ஒரே வார்த்தைல எழுதிட்டுப் போயிடுறோம், பெஞ்ச நகத்தி ஆறு குரூப் உக்காந்து அட்டை கைக்கு வர அஞ்சு நிமிஷம் போயிரும். பழசு ஞாபகப்படுத்த 4, ஓடு பத்தின பேச்சு 5, குரூப் பிரிக்க 5, அடுக்கி எண்ண 12, ஆறு குரூப்பும் எந்திரிச்சு சொல்ல 12, சூத்திரம் 8, கணக்கு 10, சுற்றளவு பரப்பளவு வித்தியாசம் 8, மதிப்பீடு 6. கூட்டுனா 70. பீரியடோ 40 நிமிஷம்! பத்தில இது கடைசி வரைக்கும் தெரியாது, பெல் அடிக்கிறப்பதான் தெரியும்.

சரி ரெண்டு பீரியடா பிரிச்சுக்கலாம், ஆனா 35 35னு சரிபாதியா வெட்டக்கூடாது, ஒரு நோக்கம் முடியிற இடத்துல வெட்டணும். முதல் பீரியடு நிரப்பி எண்ணுறதோட முடியணும். தரைல ஒரு மீட்டருக்கு 60 செ.மீ. சாக்பீஸ் கோடு, 20 செ.மீ. சதுர அட்டை வரிசைக்கு அஞ்சா மூணு வரிசை, ஆக 15. ஆறு குரூப்பும் பேச வேணாம், ரெண்டு போதும், 4 நிமிஷம். கடைசில ஆளுக்கொரு துண்டுச்சீட்டுக் கணக்கு 5 நிமிஷம். ஞாபகப்படுத்துறதுல இருந்து அடுக்கி எண்ணுற வரைக்கும் முன்னாடி போட்ட 26 நிமிஷத்தோட சேத்து மொத்தம் 35 ஆகும், மிச்ச 5 நிமிஷத்த காலியாவே விடுங்க, அட்டென்டன்ஸும் சர்க்குலரும் அத எடுத்துக்கும்.

ரெண்டாவது பீரியடு வரிசை இப்படி வந்துச்சு:

நேத்து சீட்டுல தப்புன கணக்கு | 4
அதே கோட்டுக்குள்ள 7 அட்டை மட்டும், மேல ஒரு வரிசை, ஓரத்துல ஒரு வரிசை; "நிரப்பாமலே எத்தனைன்னு சொல்லுங்க" | 8
கணக்கு | 10
ஹாலுக்கு ஓடு, சுத்தி பார்டர் ஓடு: எதுக்கு எந்த அளவு? | 8
மதிப்பீடு | 6

அந்த 7 அட்டை யோசனை பத்தில இல்லவே இல்ல, ரெண்டாவது நோக்கத்துக்கு நேரா செயல்பாட்டுக் கட்டம் காலியா நின்னதாலதான் வந்துச்சு, பழைய குறிப்புல "வருவித்து"ங்கற வார்த்தை அந்த ஓட்டைய மூடிக்கிட்டு இருந்துருக்கு. ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிர்க்க ஒரு செயல்பாடு இருக்கான்னு பாருங்க, அதே மாதிரி எந்த நோக்கத்துக்கும் சேராத செயல்பாடு இருந்தா அடிச்சிருங்க. பார்டர் ஓடு நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு விளக்கவே வேணாம், வளவு வீட்டுத் தரையில தெனம் பாக்குறதுதான்.

"டீச்சர், கட்டத்துல இடமே பத்தலையே, கேள்விய எங்க எழுதுறது?"ன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. நியாயமான கேள்வி. டேபிள்ல முதல்ல தொலையிறது டீச்சர் கேக்க வேண்டிய கேள்விதான், 'கலந்துரையாடல்'னு எழுதி முடிச்சிருவாங்க. வேற எத சுருக்குனாலும் அந்த ஒரு கேள்விய மட்டும் முழுசா எழுதிருங்கம்மா, கட்டம் கோணலாப் போனாலும் பரவால்லன்னேன். ஹெச்.எம். கையெழுத்து போடறப்ப அழகு பாப்பாங்கதான், பாத்துட்டுப் போகட்டும்.

கிளாஸ் முடிஞ்சதும் நிமிஷக் கட்டத்துக்குப் பக்கத்துலயே நெஜமா ஆன நிமிஷத்த பென்சில்ல எழுதி வைங்க. அட்டை அடுக்குறது 12க்கு பதிலா 17 ஆயிருந்தா அடுத்த செக்‌ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி அட்டைய குரூப் குரூப்பா ரப்பர் பேண்டு போட்டு கட்டிக்கிட்டுப் போகலாம். செய்யுள் பாடத்துக்கு இந்த முறை இவ்ளோ நல்லா உக்காராது, பாட்டு படிக்கிறப்ப பிள்ளைங்க எங்க நிக்கும்னு முன்னாடியே நிமிஷம் போட முடியாது, அங்க பீரியடுக்கு ரெண்டே ரெண்டு பெரிய கட்டமா விட்டுருங்க.