பூட்டிக் கிடந்த வீடுகளின் பதில்

"பதில் சொன்ன பெண்களில் 75 சதவீதம் பேர் கடல்பாசி எடுப்பதை விட்டுவிட்டார்கள்" என்று வீடு வீடாகக் கேட்ட உங்கள் கணக்கெடுப்புக்குத் தலைப்பு வைக்கிறீர்கள் – சரி, எத்தனை கதவைத் தட்டி எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? உதாரணத்துக்கு 200 வீட்டுக்குப் போய் 80 பேரிடம் கேட்டிருந்தால் பதில் விகிதம் 40 சதவீதம்தான். அந்த 80-ல் 60 பேர் விட்டவர்கள். பூட்டிக் கிடந்த மற்ற 120 வீட்டுப் பெண்களும் அந்நேரம் கடலில் பாசிதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றால்? விட்டவர்கள் 200-ல் 60, வெறும் 30 சதவீதம். பாசி எடுக்கும் பெண்கள் வாழும் பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பகலில் வந்தால் பாசிக்குப் போகாதவர்தானே கதவைத் திறப்பார்! இன்னும் 500 வீடு பகலிலேயே தட்டினாலும் இதே கோணல்தான் வரும். பூட்டிய வீடுகளில் சிலவற்றுக்காவது சாயங்காலம் மறுபடி போய்க் கேட்டு, அந்தப் பதில்களைத் தனியாகப் போடுங்கள். பகல் பதிலோடு ஒத்துப்போகாவிட்டால் 75-ஐத் தலைப்பில் போட முடியாது.