ஒரே 'மொரேனா', பல அடைமொழிகள்

"தோல் நிறத்தை அவரவர் சொல்லில் சொன்னால் நூற்றுக்கும் மேல் பதில் எப்படி வரும்?"

பிரேசிலில் 1976 வீட்டுக் கணக்கெடுப்பில் அப்படிக் கேட்டபோது 130க்கும் மேற்பட்ட சொற்கள் வந்தன. பெரும்பாலும் அடைமொழிதான் காரணம். 'மொரேனா' என்றால் மாநிறம். அதையே வெளிர் மொரேனா, அடர் மொரேனா என்றால் தனித்தனிப் பதில்கள். அப்புறம் இலவங்கப்பட்டை நிறம், பால் கலந்த காபி, வெயிலில் கறுத்தது என்றும் சொன்னார்கள்.

ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. மிகப் பெரும்பாலோர் ஏழெட்டுச் சொற்களுக்குள் அடங்கிவிட்டார்கள். மீதிச் சொற்களைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அதே கணக்கெடுப்பில் வெள்ளை, கறுப்பு, பார்டா (கலப்பு நிறம்), மஞ்சள் என நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் 'மொரேனா' இல்லவே இல்லை. தங்களை மொரேனா என்றவர்களில் பலர் பார்டாவுக்குப் போனார்கள், சிலர் வெள்ளைக்கும் போனார்கள்.