ப்ரீ இஎம்ஐ வட்டி கழியுமா? சொந்தமாகக் குடியிருந்தால் பெரும்பாலும் கழியாது

கட்டுமானத்தில் இருக்கும் அடுக்குமாடி வீட்டை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வசனம்: "சார், இப்போ கட்டுற வட்டி வீண் இல்லை. வீடு முடிஞ்சதும் அஞ்சு தவணையா வரியில கழிச்சுக்கலாம்." வீடு முடியும்வரை கட்டும் இந்த வட்டிதான் ப்ரீ இஎம்ஐ வட்டி. அதை வரிக்கான வருமானத்தில் ஐந்து ஆண்டுகளாகப் பிரித்துக் கழிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருப்பது உண்மைதான். ஆனால் வாங்குகிறவர் அதே வீட்டில் குடியேறப் போகிறார் என்றால், பெரும்பாலும் அதில் ஒரு ரூபாய்கூடத் தேறாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2021 ஜூனில் கடன் வாங்கி, 2024 நவம்பரில் வீடு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானக் கால வட்டி என்று சட்டம் எடுத்துக்கொள்வது கடன் வாங்கிய நாளிலிருந்து, வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரையிலான வட்டியை. இங்கே அது 2024 மார்ச் 31. அதன் பிறகு ஏப்ரலிலிருந்து கட்டியதெல்லாம், சாவி கைக்கு வராத மாதங்கள் உட்பட, அந்த ஆண்டின் நடப்பு வட்டி. இந்தக் கோட்டைச் சாவி வாங்கிய தேதியில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மார்ச் 2024 வரை கட்டிய வட்டி மொத்தம் 6,50,000 ரூபாய் என்றால், ஐந்தில் ஒரு பங்கு 1,30,000. வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு. முதல் ஆண்டின் நடப்பு வட்டி 4,10,000. இரண்டும் சேர்ந்து 5,40,000.

சொந்தமாகக் குடியிருந்தால், பழைய வரி முறையில் ஆண்டுக்கு உச்சவரம்பு 2 லட்சம். அந்த 1,30,000 தவணையும் இந்த 2 லட்சத்துக்குள்தான் அடங்க வேண்டும், அதற்கு மேல் தனியாக அல்ல. நடப்பு வட்டியே வரம்பைத் தாண்டிவிட்டதால் 1,30,000 அப்படியே போய்விடும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. கணவனும் மனைவியும் வீட்டிலும் கடனிலும் பங்குதாரர்களாக இருந்தால் ஆளுக்கு 2 லட்சம். ஆனால் இந்தக் கணக்கில் நடப்பு வட்டியின் பாதியே 2,05,000 ஆகிவிடுகிறது. புதிய வரி முறையில் இருந்தால் கேள்வியே இல்லை, சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவு பூஜ்ஜியம்.

அதே வீட்டை வாடகைக்கு விட்டால் கதை வேறு. வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது. மாதம் 18,000 என்றால் முழு ஆண்டு வாடகை 2,16,000. கட்டிய சொத்து வரி 6,000 போக 2,10,000. அதில் 30 சதவீதம், அதாவது 63,000, தானாகவே கழியும். மீதி 1,47,000. இரண்டாம் ஆண்டின் நடப்பு வட்டி 4,00,000, தவணை 1,30,000 என்று 5,30,000-ஐக் கழித்தால் நஷ்டம் 3,83,000. பழைய முறையில் இதில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், மீதி 1,83,000-ஐ எட்டு ஆண்டுகள் வரை வைத்திருந்து வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். புதிய முறையில் வாடகைக்கு வரி வராமல் போகும், அவ்வளவுதான். சம்பளத்தைத் தொட முடியாது.

அதற்காக வரிக்கென்று வீட்டை வாடகைக்கு விடச் சொல்லவில்லை. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கே 2 லட்சக் கழிவின் மதிப்பு, செஸ் சேர்த்து, 62,400 ரூபாய்தான். ஆனால் இரண்டு வருடம் குடியிருந்துவிட்டு மூன்றாம் வருடம் வேலை மாறி வாடகைக்கு விட்டீர்கள் என்றால், மீதமிருக்கும் மூன்று தவணைகளைக் கேட்க மறக்காதீர்கள். முதல் இரண்டு போனது போனதுதான். இதற்கு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாக வட்டிச் சான்றிதழ் வேண்டும். வங்கி நடப்பு ஆண்டுக்குத் தருவதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆடிட்டராலும் இந்தக் கணக்கைப் போட முடியாது.

இன்னொரு பொறி, பில்டரின் தாமதம். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால், சொந்தக் குடியிருப்புக்கான 2 லட்சம் வெறும் 30,000 ஆகிவிடும். 2021 ஜூன் கடனுக்குக் கெடு 2027 மார்ச் 31. வாடகை வீட்டுக்கு இந்தக் கெடு கிடையாது. பில்டர் இழுத்தடித்ததற்கு, வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தவரை ஏன் தண்டிக்க வேண்டும்? 2 லட்சம் என்ற வரம்பும் 2014-ல் வைத்தது. அன்றைய வீட்டு விலைக்கே அது போதாது என்பது என் கருத்து.