நன்றி சொல்ல நான் ஆணா பெண்ணா என்று எதற்குத் தெரிய வேண்டும்?

நேற்று ஆசிரியர் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகங்களை வரிசையாக வைத்தீர்கள். மொத்தம் 31. எண்ணினேன்.

தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்றவருக்கு, "மனமார்ந்த வாழ்த்துகள், பணி சிறக்கட்டும்" என்று எழுதினேன். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டுக்கொண்டே வந்தார். நல்ல பழக்கம், அதைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு வந்த பதில் இது: "நன்றி அருள் சார். இந்தப் பக்கம் வந்தா மேடத்தையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எனக்குக் கோபம் வரவில்லை. 54 வயதில் எத்தனையோ முறை சார் ஆகியிருக்கிறேன். ரயில் டிக்கெட்டில் ஏஜென்ட் என்னை ஆணாக்கிவிட, பரிசோதகர் என்னையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்த கதையெல்லாம் உண்டு. சிரித்துக்கொண்டேதான், "நான் டீச்சர்ங்க, சார் இல்லை" என்று எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் ராத்திரி முழுக்கத் தொண்டையில் நின்றது. "பேரு அப்படி இருந்தா நாங்க என்ன பண்றது? டிபியிலயும் செம்பருத்திப் பூ."

ஆக, குற்றம் என் பெயருடையது. கொஞ்சம் செம்பருத்தியுடையது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நன்றி" என்று நிறுத்தியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? "அருள் அவர்களுக்கு நன்றி" என்றால்? "நன்றிங்க அருள், கண்டிப்பா வீட்டுக்கு வாங்க" என்றால்? இதில் எங்காவது நான் புடவை கட்டுகிறேனா வேட்டி கட்டுகிறேனா என்று தெரிந்தால்தான் எழுத முடியும் என்கிற இடம் இருக்கிறதா?

தமிழில் எதிரில் இருப்பவரிடம் பேச அவர் ஆணா பெண்ணா என்று தெரியவே வேண்டாம். நீங்கள், வாருங்கள், வாழ்த்தினீர்கள் என்பதிலெல்லாம் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஒருமையில் "நீ வந்தாய்" என்றாலும் இல்லை. ஒருவரைப் பற்றி வேறொருவரிடம் சொல்லும்போதுதான் வந்தான், வந்தாள் என்று பிரிகிறது. அங்கேயும் மரியாதையாக "வந்தார்" என்றால் இருவருக்கும் பொருந்தும். வாழ்த்துச் சொன்னவருக்குப் பதில் எழுதும்போது மாட்டிக்கொள்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், விளி. சார், மேடம், அண்ணா, அக்கா, சகோதரரே, ப்ரோ. அந்த ஒரு சொல்லைத் தெரியாதபோது விட்டுவிடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான். முன்னால் அடைமொழி போட்டே ஆகவேண்டும் என்றால் திரு, திருமதி, செல்வி என்று குழம்ப வேண்டாம், "திருமிகு" இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், நாம் எல்லோரும் பரீட்சைக்கு உருப்போட்டுவிட்டு மறந்த கிளவியாக்கத்தில், நூற்பாவே இருக்கிறது:

பால்மயக் குற்ற ஐயக் கிளவி
தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்

தூரத்தில் யாரோ வருகிறார்கள். மனிதர் என்று தெரிகிறது. ஆணா பெண்ணா தெரியவில்லை. அப்போது வருகிறான் என்றும் சொல்லாதே, வருகிறாள் என்றும் சொல்லாதே, பலர்பாலில் சொல் என்கிறது. உரையாசிரியர்கள் இதற்கு "தோன்றுவார்" என்று முடித்து உதாரணம் காட்டுவார்கள். எனக்கு இந்த நூற்பாவில் பிடித்தது, ஐயம் வந்தால் முதலில் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று அது சொல்லவில்லை என்பதுதான். ஐயம் இருக்கட்டும், ஐயத்தோடே சரியாகப் பேசு என்கிறது. இதைப் பாடம் நடத்தும் ஆட்கள் நிறைந்த குழுவில்தான் நேற்று இது நடந்தது. "வாழ்த்துக்கள்" என்று எழுதினால் அங்கே ஒற்று மிகக்கூடாது என்று நாற்பது பேர் கம்பெடுத்து வருகிறவர்கள் நாம்.

சரி, இனி இன்பாக்ஸில் வந்த அறிவுரைகளுக்கு வருகிறேன்.

"சின்ன விஷயம் டீச்சர், விடுங்க." சின்ன விஷயம்தான். சின்ன விஷயத்தைச் சரியாகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய விஷயம் என்றால் கமிட்டி போடலாம்.

"முழுப்பெயரைப் போடுங்க, போட்டோவை மாத்துங்க." என் முழுப்பெயரே அருள்தான். அதற்கு முன்னால் நிற்கும் ஜே என்பது அப்பா. எங்கள் குமரி மாவட்டத்தில் அருள், சகாயம், ஆரோக்கியம் என்றெல்லாம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மற்ற ஊர்களில் மணி இல்லையா, பாரதி இல்லையா, ரத்தினம் இல்லையா? ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் படிவத்தில் குடும்பப்பெயர் இல்லாமல் மேலே நகரவே விடவில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை நிரப்பினேன். பிறகு அவர்களுடைய ஆண்டு விழாவுக்கு வாழ்த்து அனுப்பினேன். "அன்புள்ள திரு. ஜேசுதாசன், உங்கள் வாழ்த்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது அப்போது. அதை அழிக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பெயரில் எது என் பெயர் என்று தெரியாவிட்டால் நான் எழுதிய வரிசையிலேயே முழுதாக எழுதிவிடலாமே என்பதற்காகச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதுதானே நம் அன்பு, அதையும் பிடுங்கிவிட்டால் பேச்சு வறண்டுவிடாதா?" இதைக் கேட்ட தம்பிக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நியாயம் இருக்கிறது. வெறும் "நன்றி" சில நேரம் கதவைச் சாத்துவது போலத்தான் இருக்கிறது. ஆனால் "நன்றிங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்த "ங்க"வில் மரியாதை இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, ஆண் பெண் இல்லை. அதுவும் போதாது என்றால், வாழ்த்தியவர் எழுதியதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் திருப்பித் தாருங்கள். "பணி சிறக்கட்டும் என்றீர்கள், இந்தப் பள்ளியில் அது தேவைப்படும்ங்க." இப்படி ஒரு வரி வந்திருந்தால் நான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பேன். தெரிந்தவர்களை அக்கா என்றே கூப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? தெரியாதபோது ஊகிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெயரே தெரியாத எண்ணிலிருந்து பொங்கல் வாழ்த்து வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலோர் "யாரு?" என்று ஒற்றைச் சொல் அனுப்புகிறோம். வாசலில் வந்து வணக்கம் சொன்னவரை அடையாள அட்டை கேட்கிற மாதிரி. முதலில் வாழ்த்தைத் திருப்புங்கள். "உங்களுக்கும் வீட்டாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்." அப்புறம் அடுத்த வரியில், "போன் மாற்றியதில் பெயர்கள் போய்விட்டன, பெயர் சொன்னால் பதிந்துகொள்கிறேன்." போன் மாற்றாவிட்டால் அந்தப் பொய் வேண்டாம், "உங்கள் எண் என்னிடம் பதிவாகவில்லை" என்றாலே போதும். இந்த வரிசை மட்டும் மாறக்கூடாது. வாழ்த்து முதலில், கேள்வி பிறகு.

"நீங்க மட்டும் என்ன, தப்பே பண்ணாதவங்களா?" இதைக் கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். பண்ணியிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு வடசேரி பேருந்து நிலையத்தில் ஒருவர் புடவையில் வந்து, "வணக்கம் டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றார். கண்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை. எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று கர்வம் வேறு. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி, கூடவே ஒரு "டா"வும் போட்டு, சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்த முகம் ஒரு கணம் அணைந்தது. "அது பழைய பேரு டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லி, தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

புடவையைப் பார்த்தேன், எதிரில் நிற்பவரைப் பார்த்தேன், ஆனாலும் பதிவேட்டைத்தான் நம்பினேன். "முகம் நல்லா ஞாபகம் இருக்கும்மா, உன் பேரைச் சொல்லு" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றேன். அவர் சொன்ன பெயரைச் சொல்லியே மறுபடி கூப்பிட்டு, எந்த ஊருக்குப் போகிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது, நான் என்ன பண்றது என்று சொல்லவில்லை. பேருந்து வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். ஏறும்போது, "உடனே மாத்திக் கூப்பிட்டீங்கல்ல டீச்சர்" என்றார். அதற்கு நன்றி சொல்கிற அளவுக்கு அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் என்னென்ன கேட்டிருக்கும் என்று நினைத்துத்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் என்னிடம் வந்து எல்லோரும் தவறுவதுதான் என்று சொல்லாதீர்கள். அது எனக்குத் தெரியும். நேற்று முதல் பதிலை நான் தவறு என்றே சொல்லவில்லை, திரும்பப் போய்ப் படியுங்கள். இரண்டாவது பதிலைத்தான் சொல்கிறேன். "அய்யோ, மன்னிக்கணும்ங்க" என்று இரண்டு சொல் போதும். அந்த இடத்தில் என் பெயரைக் குறை சொன்னார். நீங்கள் 31 பேர் சிரித்தீர்கள். அதில் என்னோடு பத்து வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பா திறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குமா நான் யாரென்று தெரியாது?

சனிக்கிழமை அவருக்குப் பாராட்டு விழா. போகாமல் இருக்கமாட்டேன், சால்வை வாங்கியாகிவிட்டது. மொய் உறையில் வெறுமனே "ஜே. அருள்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.