காய வேண்டிய சுவருக்கும் கார்த்திகை முகூர்த்தத்துக்கும் நடுவில் ஒரு கடிதம்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வேலை முடியும் தேதி தள்ளிப்போகும்போது வீட்டுக்காரரிடம் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. எந்த நாள் நம் கைக்கு அடங்காது, எந்த நாள் அடங்கும் என்று பிரித்துச் சொல்லாமல் அவகாசம் கேட்கவே கூடாது. அடங்காத நாளில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. அடங்கும் இடத்தில் அவர் கேட்பதற்கு முன்பே நாம் இறங்கி வர வேண்டும்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில், "இன்னும் ஒரு வாரம்" என்று நான்கு முறை சொன்னேன். ஐந்தாவது முறை சொல்ல வாய் வராமல், ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்டும் அடித்துவிட்டேன். மூன்றாம் மாதம் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அந்த வீட்டம்மா நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கிள்ளிக் காட்டியபோது உள்ளே சுவர் விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. தேதிக்கு நான் கேட்காத அவகாசத்தை அந்தச் சுவர் எடுத்துக்கொண்டது.

அண்மையில் கட்டிய வீட்டின் கதை வேறு. வீட்டுக்காரத் தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறார். டிசம்பர் 5-ஆம் தேதி வீட்டை ஒப்படைப்பது என்பது பேச்சு. கார்த்திகை முடிவதற்குள், 11-ஆம் தேதி பால்காய்ச்சு. அது தவறினால் மார்கழியில் வீடு குடிபுக மாட்டார்கள், தை பிறக்க வேண்டும். அவரோ டிசம்பர் 30-ஆம் தேதி விமானம் ஏற வேண்டும். ஆகவே அவருடைய தேதியும் வளையாத தேதிதான் என்பதை முதலில் நான் மனத்தில் வாங்கிக்கொண்டேன். அவகாசம் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பக்கத்து இறுக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மாடியின் மேல்தளக் கான்கிரீட்டை செப்டம்பர் 10-ஆம் தேதி போட்டிருக்க வேண்டும். அக்டோபர் 20-ஆம் தேதிதான் போட முடிந்தது. அன்று மாலையே உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டேன். தளத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பிரிக்க 14 நாள். (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்குச் சாதாரண சிமெண்டில் 7 நாள் போதும் என்கிறது. நாங்கள் பயன்படுத்துவது மெதுவாக வலுப்பெறும் பிபிசி சிமெண்ட் என்பதால், மழைக்காலத்தில் நான் 14 நாள் விடுகிறேன்.) பிறகு உள்பூச்சுக்கு 12 நாள், பூச்சை நனைக்க 7 நாள், அது காய 28 நாள், பட்டியும் பெயிண்டும் 14 நாள். நம் மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பெயிண்டர்கள் கிடைக்க மாட்டார்கள், அடுத்துப் பொங்கல் வரும் என்பதையும், கைக்காவலாகச் சில நாளையும் சேர்த்தால் ஜனவரி 20-ஆம் தேதி ஆகிறது. மறுநாள் காலை, டிசம்பர் 5-க்கு இன்னும் 45 நாள் இருக்கும்போதே, அவருக்கு இப்படி எழுதினேன்:

"தம்பி, வணக்கம். மாடித் தளத்தின் கான்கிரீட் 40 நாள் தாமதமாகி நேற்றுத்தான் முடிந்தது. இதில் 28 நாள் மழையால் போனது. 12 நாள், சென்ட்ரிங் தகடுகளை இன்னொரு வேலையிலிருந்து நான் நேரத்துக்கு எடுத்து வராததால் போனது, அது என் தவறு. மாடியை ஜனவரி 20-ஆம் தேதி ஒப்படைக்க உங்கள் சம்மதம் வேண்டும். கீழ்த்தளம் டிசம்பர் 5-ஆம் தேதியே முடிந்துவிடும். பால்காய்ச்சில் மாற்றம் இல்லை. அதன்பின் அப்பாவும் அம்மாவும் கீழே குடிவருவதானால், மாடிப்படியின் மேல்வாயைப் பலகையால் அடைத்து, ஆட்களை வெளிச்சாரம் வழியாக ஏற்றுகிறேன். ஆனால் பகலில் சத்தம் இருக்கும். அது சிரமம் என்றால், அவர்கள் இப்போதிருக்கும் வாடகை வீட்டின் ஜனவரி வாடகையை நான் தருகிறேன். கடைசித் தவணையை மாடி முடிந்த பிறகே வாங்கிக்கொள்கிறேன். எது வசதி என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அதற்கேற்ப வேலையை ஒழுங்கு செய்வேன்."

இதில் "கொஞ்சம்", "கூடிய சீக்கிரம்", "முயற்சி செய்கிறேன்" என்ற சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பணிவு என்று நினைத்து நாம் எழுதும் அந்தச் சொற்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுப்பும் டிக்கெட்டும் பார்ப்பவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அவர் மனத்துக்குள் ஒரு வாரம் என்று குறித்துக்கொள்வார், நாம் ஒரு மாதம் என்று நினைத்திருப்போம். மழையைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்தியதும் வேண்டுமென்றே செய்ததுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் பிறந்தவருக்கு மழையை விளக்க வேண்டியதில்லை, அதை நீட்டினால் அந்த 12 நாளை மறைப்பதுபோல் ஆகிவிடும்.

அன்றிரவே அவர் அழைத்தார். "அண்ணாச்சி, ஆள் கூடப் போட்டு டிசம்பர் 28-க்குள்ள முடிச்சுத் தாங்க. முழு வீட்டையும் கண்ணால பாத்துட்டுப் போணும்" என்றார். ஆசை நியாயமானது. இங்கேதான் பலர் "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு கொத்தனாரைக் கூட்டினால் 12 நாள் பூச்சு 8 நாளில் முடியும், அதைச் செய்கிறேன் என்றேன். ஆனால் எத்தனை ஆள் நின்றாலும் சுவர் காயும் 28 நாள் 27 ஆகாது, ஆகவே ஜனவரி 20 என்பதை மாற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். மறுபக்கம் மௌனமாக இருந்தது. அப்போது எனக்குத் தோன்றிய வழி, மாடியின் முன்னறையை மட்டும் முதலில் பூசுவது. நவம்பர் 6-ஆம் தேதி பூச்சு முடிந்தால் டிசம்பர் 11-ஆம் தேதிக்குள் நனைப்பதும் காய்வதும் முடியும். கிறிஸ்துமஸுக்கு முன் அந்த ஓர் அறையில் பெயிண்ட் முடித்துவிடலாம். அவர் அதைப் பார்த்து நிறத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றதும் ஒப்புக்கொண்டார்.

ஆள் கூட்டியதால் மிஞ்சிய நான்கு நாளைக் காட்டித் தேதியை 16 என்று முன்னே இழுக்கச் சொல்லி என் மேஸ்திரி கேட்டார், நல்ல பெயர் வாங்கலாமே என்று. நான் இசையவில்லை. ஒருமுறை நீட்டித்த தேதியை இரண்டாம் முறை நீட்டிக்கக் கேட்கும் நிலை வரக் கூடாது என்பதால், அந்த நாட்களை அவரிடம் சொல்லாமல் கையில் வைத்துக்கொள்வதே நேர்மை என்று நினைக்கிறேன்.

காய்ந்ததா என்று பார்க்க நான் செய்வது எளிமையானது. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிட வேண்டும். உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் சுவர் இன்னும் ஈரம் விடுகிறது என்று பொருள். டிசம்பர் 16-ஆம் தேதி ஒட்டியதில் குளியலறையை ஒட்டிய அறையில் மட்டும் தாள் பனித்திருந்தது. அப்போது ஊரிலேயே இருந்த தம்பியை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். அவரே விரலால் தடவிப் பார்த்து, "இத இன்னும் விடுங்க" என்றார்.

அந்த அறைக்கு மேலும் ஐந்து நாள் பிடித்தது. மாடிச் சாவியை ஜனவரி 19-ஆம் தேதி அவருடைய அப்பாவின் கையில் கொடுத்தேன்; கடைசித் தவணை மறுநாள் வந்தது.