ஓர் எழுத்து கூட்டுவதற்கு முன்னால்

என் சித்தப்பா மகன் பெயரைச் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். 5 வருடத்துக்கு முன்பு தொழிலில் அடி மேல் அடி. யாரோ சொன்னார்கள் என்று ஓர் எண் கணித ஆலோசகரிடம் போனான். பெயரில் ஓர் எழுத்து கூட்டச் சொன்னார். Senthil என்பது Senthiil ஆனது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், புதுப் பெயரைத் தினம் 108 முறை எழுதினான். விசிட்டிங் கார்டு, கடை போர்டு எல்லாம் மாறின. அதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. ஆதாரிலும் மாற்றிக்கொண்டான்.

போன வருடம் சித்தப்பா தவறிவிட்டார். அவருடைய காப்பீட்டில் நாமினி இவன்தான். பாலிசியில் Senthil, வாரிசுச் சான்றிதழில் பள்ளிச் சான்றைப் பார்த்து எழுதிய Senthil, ஆதாரிலும் பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கிலும் Senthiil. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொல்லி காப்பீட்டு நிறுவனம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலரிடம் நடை, மறுபடி வங்கிக்கு நடை. 3 மாதம் ஆனது. அப்பா போன துக்கத்தில் இருந்தவனை ஓர் எழுத்துக்காக அலைய விட்டுவிட்டோமே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பத்திரம் எழுதும் அலுவலகத்தில் 15 வருடமாக வேலை பார்க்கும் நான் அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் பெரும்பாலும் சொல்வது கல்தேய முறை. அதில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு உண்டு. 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. செந்திலுக்குப் போட்ட கணக்கு இதுதான்:

S3 + E5 + N5 + T4 + H5 + I1 + L3 = 26, 2 + 6 = 8

எட்டு சனியின் எண், ஆகாது என்றார்கள். ஓர் I கூட்டினால் 27, அது 9 ஆகிவிடும், நல்லது. சரி. ஆனால் பித்தகோரஸ் முறை என்று இன்னொன்று இருக்கிறது. அதில் A முதல் I வரை 1 முதல் 9, பிறகு மறுபடி 1 முதல். அந்த முறையில் அதே Senthil 33, கூட்டினால் 6. குறையே இல்லாத பெயர். கல்தேய முறையிலேயே இன்ஷியல் M-ஐச் சேர்த்து எண்ணினால் 30, அதாவது 3. அதுவும் நல்ல எண் என்கிறார்கள். இன்ஷியலைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆலோசகருக்கு ஆலோசகர் வேறுபடுகிறார்கள். ஒரே ஆளின் பெயர் ஓரிடத்தில் கெட்டது, இன்னோர் இடத்தில் நல்லது. தமிழில் எழுதும் செந்தில் எந்தக் கணக்கிலும் வருவதே இல்லை. அம்மா கூப்பிட்ட பெயர் அப்படியே இருக்க, ஆங்கில எழுத்துக்கு மட்டும் ராசி பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய மனிதர்களே மாற்றிக்கொண்டார்களே என்று கேட்பார்கள். ஜெயலலிதா 2001-ல் ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் a சேர்த்துக்கொண்டார். கர்நாடகத்தின் எடியூரப்பா 2007-ல் Yediyurappa-வை Yeddyurappa ஆக்கி, 2019-ல் பழைய எழுத்துக்கே திரும்பினார். அவர்களுக்குக் காகித வேலை பார்க்க ஆட்கள் உண்டு. நமக்கு நாம்தான் கவுண்டரில் நிற்க வேண்டும்.

நம்பிக்கை உள்ளவர்களைப் புண்படுத்துவது என் நோக்கம் இல்லை. மனசுக்குத் தெம்பு தருகிறது என்றால் போர்டிலும் கார்டிலும் முகநூலிலும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஆவணத்தில் கை வைப்பதென்றால் மட்டும் பாதியில் நிற்காதீர்கள். செந்தில் செய்த தவறு அதுதான். ஒரு படிவத்தில் அதிகாரி கையெழுத்து வாங்கி ஆதாரையும், பிறகு வங்கிக் கணக்கையும் மட்டும் மாற்றினான். ஓர் எழுத்துத் திருத்தம் என்பதால் அது எளிதாக முடிந்துவிட்டது. எளிதாக முடிந்ததால் அரசிதழ் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முறையான வழி அரசிதழில் இருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. அவர்களின் பெயர் மாற்றப் படிவத்தை நிரப்பி, புகைப்படம் ஒட்டி, சான்றொப்பம் வாங்கி, பிறப்புச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றின் நகலோடும் முகவரிச் சான்றோடும் கட்டணம் கட்டித் தர வேண்டும். இன்னார் மகன், இந்தத் தேதியில் பிறந்தவர், இந்த முகவரியில் இருப்பவர், இனி இந்தப் பெயரால் அறியப்படுவார் என்று அறிவிப்பு வரும். ஆங்கில எழுத்தைத்தானே மாற்றுகிறோம், அதனால் அறிவிப்பை ஆங்கிலத்தில் கேளுங்கள். பழைய பெயரைப் பள்ளிச் சான்றில் இருப்பதுபோலவே, இன்ஷியலும் புள்ளியும் உட்பட எழுதுங்கள். அங்கே ஓர் எழுத்து பிசகினால் பழைய பெயருக்கும் அறிவிப்புக்கும் தொடர்பே அறுந்துபோகும். அச்சான பிரதி கையில் வந்த அன்றே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் ஆதார், பிறகு பான் கார்டு, பிறகு வங்கி, வருங்கால வைப்பு நிதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள், மற்ற எல்லோரும் ஆதாரோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். ராசி எண்ணுக்காக ஒரு வாய்ப்பைச் செலவழித்தால், நாளைக்கு உண்மையான பிழை ஒன்றைத் திருத்த ஒன்றுதான் மிச்சம். பாஸ்போர்ட்டைப் புதிய பெயரில் மறுபடி வாங்க வேண்டும். விசாவோ விமான டிக்கெட்டோ பழைய பெயரில் கையில் இருக்கும்போது அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பள்ளிச் சான்று பழைய பெயரிலேயே இருக்கும், அதோடு அரசிதழை இணைத்துக் காட்டுவதுதான் வழக்கம். 2021-ல் ஜிக்யா யாதவ் வழக்கில், பெயர் ஒருவரின் அடையாளம், அது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய கல்வி வாரியம் நிபந்தனைகளோடு மாற்றத்தை ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. உரிமை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அரசிதழ் நகலும் விண்ணப்பமும் கட்டணமும் இல்லாமல் அந்த உரிமை நடைமுறைக்கு வராது.

நிலம், வீடு வாங்கிய பத்திரங்களைப் புதுப் பெயரில் மறுபடி பதிய வேண்டியதில்லை. விற்கும்போதோ தானம் கொடுக்கும்போதோ அந்தப் பத்திரத்தில் "Senthil என்கிற Senthiil" என்று இரண்டு பெயரையும் எழுதி, அரசிதழ் தேதியையும் குறிப்பிட்டால் போதும். நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். அரசிதழே இல்லாமல் வருபவர்களுக்குத்தான் எழுத முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. பாலிசி, வைப்புத் தொகை இவற்றில் உங்களை நாமினியாகப் போட்டவர்களிடமும் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். இதை யாருமே நினைப்பதில்லை, செந்திலுக்கு அடி விழுந்தது இங்கேதான்.

காப்பீட்டுப் பணம் வந்த பிறகு அவன் என்னிடம் வந்தான். "அக்கா, பழையபடியே ஆக்கிடலாமா?" என்றான். இரண்டாவது வாய்ப்பைப் பயன்படுத்தி ஆதாரைப் பழைய பெயருக்குத் திருப்பினோம், வங்கியிலும் திருத்தினோம். கடை போர்டு மட்டும் இரண்டு I-யோடு அப்படியே தொங்குகிறது. அது இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.