மூன்று விலைப்புள்ளி, ஒரே குளியலறை

ஈசூனில் மறுவிற்பனை நாலறை வீடு வாங்கிய தங்கை, கான்ட்ராக்டர்களிடம் எழுதி வாங்கிய மூன்று கொட்டேஷன்களை என்னிடம் கொடுத்தாள். குளியலறைக்கு மட்டும் ஒருவர் 5,000 வெள்ளி, அடுத்தவர் 6,200, மூன்றாமவர் 6,900. "முதல் ஆள்தான் மலிவுண்ணே, முடிச்சிடலாமா?" என்றாள். கையெழுத்து போடாதே என்றேன்.

முதல் தாளில் குளியலறைக்கு இருந்தது ஒரே வரி: "தரை, சுவர் டைல்ஸ் பதித்தல், கழிப்பறைத் தொட்டி, பேசின் பொருத்துதல், மொத்தமாக." பழைய டைல்ஸை உடைப்பது பற்றிப் பேச்சே இல்லை. போன் போட்டுக் கேட்டதும்தான், பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டப்போகிறார் என்று தெரிந்தது. அப்படிச் செய்தால் அடியில் இருக்கும் பழைய நீர்த்தடுப்புப் பூச்சு அப்படியேதான் இருக்கும். அது தேய்ந்துபோயிருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். தரையும் உயரும். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக விதி.

மற்ற இருவரும் செய்வதையே அவரும் செய்தால் எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னோம். உடைத்துக் குப்பை அகற்ற 1,200, நீர்த்தடுப்புக்கு 500, கழிப்பறைத் தொட்டியும் பேசினும் வாங்க 600. முதல் தாளில் அவற்றைப் பொருத்தும் கூலி மட்டும்தான் இருந்தது. ஆக 7,300. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 5,000 வெள்ளி, ஏறக்குறைய 7,960 ஆகிவிட்டது! மற்ற இரண்டு தொகையிலும் வரி அடக்கம்.

இரண்டாமவர் எல்லாம் எழுதியிருந்தார். ஆனால் டைல்ஸ் விலை சதுர அடிக்கு இரண்டரை வெள்ளி வரைதான். தங்கைக்குப் பிடித்தது நாலரை. 220 சதுர அடிக்கு 440 வெள்ளி கூடி, 6,640. மூன்றாமவரின் 6,900-இல் அந்த டைல்ஸே அடக்கம். தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிப்பதும், நீர்த்தடுப்புக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதும் எழுத்திலேயே இருந்தன. 260 வெள்ளி வித்தியாசத்துக்கு நான் மூன்றாமவரையே சொன்னேன்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வேலைப் பட்டியலை நீங்களே எழுதி, அதே பட்டியலை மூவருக்கும் கொடுங்கள். ஒருவர் எழுதாமல் விட்ட வரியை "சேர்ந்ததா, இல்லையா" என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னால் போதாது, திருத்திய கொட்டேஷனில் வரவேண்டும். வீவக அனுமதி எடுப்பது யார், லிஃப்ட் வாசலையும் தரையையும் மூடிப் பாதுகாப்பது யார் செலவு என்பதும் அதில் இருக்கட்டும். அவர் பெயர் வீவக பதிவுபெற்ற குத்தகையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று வீவக இணையத்தளத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.